"translate" என்று ஒரு சொல் மட்டும் வருகிறது, கூட எதுவும் இல்லை. என்ன பதில் போடுவது?

பாளை தட்டச்சுக் கடை:
வணக்கம். பாளையங்கோட்டையில் கோர்ட் பக்கம் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்து கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. கிரயப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தருவேன். இப்போது பாதி வேலை வாட்ஸப்பில்தான் வருகிறது. அதில் ஒரு சிக்கல். வெறும் "translate" என்றோ "summary வேணும்" என்றோ ஒரு வரி வரும். ஃபோட்டோ, ஃபைல் எதுவும் இருக்காது.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் "translate pls" என்று அனுப்பினார். ஃபைல் பின்னால் வரும் என்று நினைத்து "சரி" என்று போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அவர் நோட்டரிக்குப் போகிற அவசரத்தில் கடை வாசலில் நிற்கிறார், என் கையில் ஒன்றுமே இல்லை. அவர் அனுப்பியதாக உறுதியாகச் சொன்னார். அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தால், ஃபோட்டோ மேல் கடிகாரக் குறி அப்படியே நிற்கிறது. அவருக்கு அன்று வேலை முடியவில்லை, எனக்கு மனசே சரியில்லை. இப்படி வந்தால் என்ன எழுதிப் போட வேண்டும்?

மேலப்பாளையம் செல் கடை:
அக்கா, உங்கள் ஃபோனில் இடம் நிறைந்திருக்கும். ஆட்டோ டவுன்லோடு அணைத்து வைத்திருந்தாலும் ஃபோட்டோ தெரியாது. செட்டிங்ஸில் பாருங்கள்.

பாளை தட்டச்சுக் கடை:
தம்பி, அது இல்லை. டவுன்லோடு ஆகாவிட்டாலும் மங்கலாக ஒரு கட்டமாவது தெரியுமே. இங்கே அந்த ஒரு வரியைத் தவிர ஒன்றும் இல்லை.

மேலப்பாளையம் செல் கடை:
அப்படியென்றால் அனுப்பினவர் பக்கம்தான் அக்கா. எழுத்து சின்னது, சிக்னல் கொஞ்சம் இருந்தாலும் போய்விடும். பத்து பக்க ஃபோட்டோ ஏறுவதற்குள் நெட் போய்விட்டால் கடிகாரத்திலேயே நிற்கும். அனுப்பினவரோ போய்விட்டது என்று ஃபோனை மூடி வைத்துவிடுவார். மலைப்பக்கம் இருந்து அனுப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

வள்ளியூர் ஆசிரியை:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? மேலே தள்ளிப் பாருங்கள். அவர் முன்பு அனுப்பின ஃபைல் ஏதாவது இருக்கும், அதைத்தான் சொல்கிறார். என் மாணவர்கள் "இதைச் சுருக்குங்க மிஸ்" என்றால் முந்தின நாள் பாடத்தைத்தான் சொல்வார்கள்.

பாளை தட்டச்சுக் கடை:
மிஸ், அதையும் செய்து பார்த்துவிட்டேன். ஒருவர் பத்து நாள் முன்னால் அப்பாவின் கிரயப் பத்திரத்தை அனுப்பி விலை மட்டும் கேட்டிருந்தார். அப்புறம் "translate" என்று வந்ததும் அந்த நாலு பக்கத்தையும் உட்கார்ந்து முடித்தேன். அவருக்கு வேண்டியது இறப்புச் சான்றிதழ். அதை எனக்கு அனுப்பவே இல்லை. நாலு பக்கக் கூலியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி:
கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் காலத்திலும் இதே கதைதான். "மொழிபெயர்த்து அனுப்பவும்" என்று கடிதம் வரும், கூட வர வேண்டிய தாள் வராது. தபால் பிரிவில் கவரைப் பிரிக்கும்போதே இணைப்பை எண்ணுவோம். இல்லையென்றால் கடிதத்தின் ஓரத்தில் "இணைப்பு பெறப்படவில்லை" என்று எழுதித் தேதி போட்டு, அன்றைக்கே திருப்பி எழுதுவோம். தாளைப் பார்க்காமல் வேலையை ஏற்றுக்கொண்டதாக யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

உங்கள் தவறு அந்த "சரி"தான், தாயி. உங்களுக்கு அது "செய்தி பார்த்தேன்". அவருக்கு அது "தாள் கிடைத்தது, வேலை நடக்கிறது". கட்டைவிரல் படம் போட்டாலும் அதே அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார். அதனால் முதல் வரியில் உங்கள் கண்ணுக்கு என்ன வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். "translate என்ற சொல் மட்டும் வந்திருக்கிறது, ஆவணம் வரவில்லை" என்றால் அவர் உடனே தன் ஃபோனைப் பார்ப்பார். "அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால் "அனுப்பிட்டேனே" என்பார், நாலு செய்தி வீணாகப் போகும்.

மிஸ் சொன்னதில் பாதி சரி. ஃபைல் அதே நாளில், இரண்டு செய்திக்கு முன்னால் இருந்தால் அதுதான். அப்போதும் "காலையில் அனுப்பிய வாரிசுச் சான்றிதழா?" என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவர் "ஆமா" என்று ஒரு சொல் போட்டால் போதும்.

களக்காடு கம்ப்யூட்டர் சென்டர்:
எனக்கு வருவது "சுருக்கித் தாங்க" அண்ணாச்சி. கோச்சிங் படிக்கிற பிள்ளைகள் பாடக் குறிப்பைச் சுருக்கச் சொல்வார்கள். விண்ணப்பம் போடுகிறவர்கள் பிடிஎஃப்பை 200 கேபிக்குள் சுருக்கச் சொல்வார்கள். சொல் ஒன்றுதான், வேலை வேறு. ஒரு தடவை ஃபைலே வந்தும் தப்பாகச் செய்திருக்கிறேன். ஆறு பக்கக் கட்டுரையை ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தேன், அந்தப் பையனுக்கு வேண்டியது சைஸ் குறைப்பது.

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி:
நல்ல விஷயம் சொன்னீர்கள். "translate"டிலும் இது உண்டு. சிலருக்குப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், அதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

பாளை தட்டச்சுக் கடை:
இப்படி ஒன்று எழுதி வைத்தேன், பாருங்கள்:

"வணக்கம். எந்த ஆவணம்? எத்தனை பக்கம்? எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு? நோட்டரி வேண்டுமா? எப்போது வேண்டும்? பெயர் எழுத்துக்கூட்டல் என்ன?"

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி:
ஆறு கேள்வி. வாசிக்கிறவர் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் போடுவார், ஆவணம் மறுபடியும் வராது. எத்தனை பக்கம் என்பது தாளைப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் கடைக்கு வருவது பெரும்பாலும் தமிழிலிருந்து ஆங்கிலம், அதைக் கேட்காமல் ஊகமாகச் சொல்லி வையுங்கள். பெயர் எழுத்துக்கூட்டலை வேலை தொடங்கும்போது கேட்கலாம், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி. இப்போது இல்லாதது ஒன்றுதான், அதை மட்டும் கேளுங்கள்:

"வணக்கம். உங்களிடமிருந்து 'translate' என்ற சொல் மட்டும் வந்திருக்கிறது, ஆவணம் வரவில்லை. உங்கள் ஃபோனில் ஃபோட்டோ பக்கத்தில் கடிகாரக் குறி இருந்தால் அது இன்னும் போகவில்லை, மறுபடி அனுப்புங்கள். தமிழிலிருந்து ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறேன், வேறு என்றால் சொல்லுங்கள். ஆவணம் வந்த பிறகுதான் வேலை தொடங்கும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொன்ன அந்த ராத்திரியில் அந்த ஒரு வரி போயிருந்தால் அவர் தூங்குவதற்கு முன்னால் ஃபோனை எடுத்துப் பார்த்திருப்பார்.

சுருக்கம் கேட்டால் ஊகம் போடாதீர்கள். வக்கீலுக்கு என்றால் தேதி, தொகை, சர்வே எண் எல்லாம் நிற்க வேண்டும். வீட்டாருக்கு என்றால் யாருக்கு எது என்று பத்து வரி போதும். யாருக்காக என்று கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதையும் ஆவணம் வந்த பிறகு கேளுங்கள்.

மேலப்பாளையம் செல் கடை:
அக்கா, பிசினஸ் வாட்ஸப்பில் இதை விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்தால் `/` போட்டதும் மேலே வரும். வரவேற்புச் செய்தியாகவே வைத்துவிடலாமே, தானாகப் போகும்.

பாளை தட்டச்சுக் கடை:
விரைவுப் பதில் சரி தம்பி, வைத்துவிட்டேன். வரவேற்புச் செய்தி புதிதாக வருகிறவருக்கும் பதினாலு நாள் பேசாமல் இருந்தவருக்கும்தான் போகும். ஃபைலோடு வருகிறவருக்கும் "ஆவணம் வரவில்லை" என்று போய் நிற்குமே.

வள்ளியூர் ஆசிரியை:
எனக்கு இன்னும் ஒன்று பிடிபடவில்லை. மூன்று நாள் முன்னால் ஃபைல் அனுப்பி, பேசி முடித்து, இன்று "சரி, translate" என்கிறவரையும் மறுபடி கேட்டால் எரிச்சல் படமாட்டாரா?

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி:
படுவார் மிஸ். எத்தனை நாள் என்று என்னால் கோடு கிழிக்க முடியவில்லை. விலை பேசி ஒத்துக்கொண்டிருந்தால் நான் தொடங்கிவிடுவேன்.

களக்காடு கம்ப்யூட்டர் சென்டர்:
நான் அப்போதும் கேட்பேன். கையைச் சுட்டுக்கொண்டவன்.

பாளை தட்டச்சுக் கடை:
இன்று மதியம் ஒன்று வந்தது: "translate urgent". அண்ணாச்சி எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டேன். ரெண்டு நிமிஷத்தில் பதில்: "அக்கா, ஃபோட்டோ எங்க குடும்பக் குரூப்புக்குப் போயிருக்கு, இப்ப அனுப்புறேன்." மூன்று பக்க வாரிசுச் சான்றிதழ். சாயங்காலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.