1:2:4 கலவை: ஈர மணலுக்கு எவ்வளவு கூட்டணும்? 20% ஆ, 25% ஆ?

தரைத்தளம்
6 மீ நீளம், 4 மீ அகலம், 12.5 செ.மீ கனத்தில் ஓர் அறைக்குத் தரை கான்கிரீட் போடணும். இதே அளவில் பக்கத்து அறையை வேறு ஆட்கள் போட்டார்கள். கணக்குப்படி 19 மூட்டை சிமெண்ட், ஆனால் 20 போய்விட்டது. ஜல்லியும் கடைசியில் பற்றவில்லை. ஓரங்களில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, கரணையால் எவ்வளவு தேய்த்தும் பால் மேலே வரவில்லை. இந்த அறைக்கு நானே அளந்து போடலாம் என்று இருக்கிறேன்.

என் கணக்கு:

```
6 × 4 × 0.125 = 3.0 கன மீ
3.0 × 1.54 = 4.62
4.62 ÷ 7 = 0.66
சிமெண்ட் 0.66 × 1440 = 950 கிலோ = 19 மூட்டை
மணல் 1.32, ஜல்லி 2.64 கன மீ
```

மணல் ஈரமாக இருக்கிறது. ஒரு நேர் டப்பாவில் 30 செ.மீ வரை தளர்வாக நிரப்பினேன். பிறகு அதைக் கொட்டிவிட்டு, பாதி டப்பா தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கிளறிவிட்டேன். 24 செ.மீ.யில் அடங்கிவிட்டது. இதை வைத்து மணலை எவ்வளவு கூட்டுவது?

மேஸ்திரி மகன்
30இல் 6 குறைந்திருக்கிறது, அதாவது 20%. 1.32ஐ 1.2ஆல் பெருக்குங்கள், 1.58 கன மீட்டர் ஈர மணல் போதும். சோதனையைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். பலர் பக்கெட்டில் செய்வார்கள். அது மேலே அகலம், கீழே குறுகல் என்பதால் உயரத்தை வைத்துக் கன அளவு சொல்ல முடியாது.

அளவுப்பெட்டி
பக்கெட் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் 20% இல்லை, 25%. கலவை விகிதத்தில் வரும் "2" உலர்ந்த மணலின் கன அளவு. தண்ணீரில் முழுசாக மூழ்கிய மணலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் அடங்கும், அதனால் உங்கள் அடிப்படை 24. அதன் மேல் 6 உப்பியிருக்கிறது, 6 ÷ 24 = 25%. சோதித்துப் பார்க்க வேண்டுமானால், 24 செ.மீ உலர் மணல் வேண்டும் என்றால் எத்தனை செ.மீ ஈர மணல் அள்ளுவீர்கள்? 30. அது 24 × 1.25. 1.2ஆல் பெருக்கினால் 28.8தான் வரும்.

ஆக உங்களுக்கு 1.32 × 1.25 = 1.65 கன மீ ஈர மணல் வேண்டும். சிமெண்டும் ஜல்லியும் அப்படியே இருக்கட்டும். ஜல்லி ஈரமானாலும் கணக்கில் எடுக்கிற அளவுக்கு உப்பாது.

பக்கத்து அறையில் என்ன நடந்திருக்கும் என்பதும் இதிலேயே தெரிகிறது. ஒரு மூட்டை சிமெண்ட் 35 லிட்டர். அதற்கு இரண்டு பெட்டி மணல், 70 லிட்டர் என்று ஈரத்தோடு அளந்திருப்பார்கள். உள்ளே இருந்த உண்மையான மணல் 70 ÷ 1.25 = 56 லிட்டர்தான். போட்டது 1:2:4 இல்லை, 1:1.6:4. ஜல்லிக்கு இடையிலுள்ள சந்துகளை நிரப்ப சாந்து பற்றாது, பல்லைக் காட்டத்தான் செய்யும். ஒவ்வொரு மூட்டைக்கும் வரும் கான்கிரீட்டும் எட்டு லிட்டர் போல் குறையும். 19 மூட்டைக்கு அது 150 லிட்டர், ஏறக்குறைய ஒரு மூட்டையின் வேலை. இருபதாவது மூட்டை அங்கேதான் போயிருக்கிறது.

சிவில் பழசு
1.54லேயே மணல் உப்புகிற பல்க்கிங் எல்லாம் அடங்கிவிட்டதே? மறுபடி 25% கூட்டினால் இரட்டைக் கணக்கு ஆகாதா?

அளவுப்பெட்டி
ஆகாது. ஜல்லிச் சந்துக்குள் மணலும், மணல் சந்துக்குள் சிமெண்டும் தண்ணீரும் போய் உட்காருவதால் உலர்ந்த பொருட்களின் மொத்த அளவு சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்துக்குத்தான் 1.54. மணல் ஈரமாக வந்ததா உலர்ந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. 1.52 போடுபவரும் உண்டு, 1.57 போடுபவரும் உண்டு. ஜல்லியின் அளவையும் வடிவத்தையும் பொறுத்து மாறும். முதல் மூன்று நான்கு மூட்டைக்கு எவ்வளவு பரப்பு நிரம்புகிறது என்று பாருங்கள், உங்கள் ஜல்லிக்கு எந்த எண் என்று தெரிந்துவிடும்.

பூச்சுவேலை
எனக்கு 1:4 சுவர்ப் பூச்சு. நானும் 1.54 போட்டு மணல் வாங்கலாமா?

மேஸ்திரி மகன்
வேண்டாம் அண்ணா, அது ஜல்லி சேர்ந்த கான்கிரீட்டுக்கு. பூச்சுக்கு வேறு எண், தனி இழை போடுங்கள். ஈர மணலைக் கூட்டி அளப்பது மட்டும் அதற்கும் பொருந்தும். பூச்சு மணல் பொடியாக இருப்பதால் இதைவிட அதிகமாகவே உப்பும்.

மேலே அளவுப்பெட்டி சார் சொன்ன 25%ஐ ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் களத்தில் இரண்டரைப் பெட்டி என்றால் அந்த "அரை" ஆளுக்கு ஆள் மாறும்.

அளவுப்பெட்டி
நல்ல கேள்வி. அரைப் பெட்டியே வேண்டாம், மணலுக்குத் தனிப் பெட்டி செய்துகொள்ளுங்கள். உள்ளளவு 35 × 35 × 28.5 செ.மீ என்றால் 35 லிட்டர், இது ஜல்லிக்கு, மூட்டைக்கு நாலு. மணல் பெட்டியின் உயரத்தை மட்டும் 28.5 × 1.25, அதாவது 35.6 செ.மீ ஆக்குங்கள். மூட்டைக்கு அதில் இரண்டு. வழித்துவிட்டு அளக்கணும், அமுக்கவோ தட்டவோ கூடாது.

இன்னொன்று, தண்ணீர். அந்த ஈரமும் மிக்ஸருக்குள் போகிறது. ஒரு கிலோ ஈர மணலை வாணலியில் வறுத்து 950 கிராம் நின்றால், 50 ÷ 950 = 5.3%. இங்கேயும் உலர்ந்ததுதான் அடிப்படை. மூட்டைக்குப் போகும் மணல் 105 கிலோ போல இருக்கும், அதில் ஐந்தரை லிட்டர் தண்ணீர். 28 லிட்டர் ஊற்ற நினைத்திருந்தால் 22.5 ஊற்றுங்கள். மணலைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் குறைக்காவிட்டால் கலவை ஓடும், ஆட்கள் மணல்தான் காரணம் என்பார்கள்.

தரைத்தளம்
பெட்டி தயார். ஆனால் ராத்திரி மழை பெய்துவிட்டது. இன்று காலை அதே டப்பாவில் பார்த்தால், குவியலின் மேல்பக்க மணல் 30இலிருந்து 24க்கு வருகிறது, அடிமணல் 28 வரைதான் இறங்குகிறது. அடிதான் அதிக ஈரம், அதுதானே அதிகமாக உப்பணும்?

அளவுப்பெட்டி
இல்லை. ஐந்தாறு சதவீத ஈரம் வரைதான் உப்பும். மணல்துகள்களைச் சுற்றி நிற்கும் தண்ணீர்ப் படலம் அவற்றைத் தள்ளிப் பிடிப்பதால் வருவது அது. ஈரம் அதற்கு மேல் போனால் படலம் உடைந்து மணல் மறுபடி அடங்கிவிடும். உங்கள் அடிமணல் 30 ÷ 28, ஏழு சதவீதம்தான். அதை உயரப் பெட்டியில் அளந்தால் மணல் கூடிப் போகும், தண்ணீரும் கூடும். குவியலைப் புரட்டிப் போட்டு ஒரே சீராக்கிவிட்டுத் திரும்பச் சோதியுங்கள்.

சிவில் பழசு
புரட்டினாலும் மதியத்துக்குள் மேலே காய்ந்துவிடும். தராசு வைத்து எடையில் போடுங்கள், பல்க்கிங் பேச்சே இருக்காது, ஈரத்தை மட்டும் கழித்தால் போதும்.

மேஸ்திரி மகன்
ஓர் அறைக்குத் தராசுக்கு எங்கே போவது? குவியலை மூடி வைத்துவிட்டு, ஐந்து மூட்டைக்கு ஒரு தடவை டப்பாவில் பாருங்கள். பெட்டியின் உள்பக்கம் 28.5, 30.5, 35.6 மூன்றிலும் கோடு போட்டுக்கொண்டால், சோதனை சொல்லும் கோடு வரை நிரப்பலாம்.

தரைத்தளம்
கோடு போட்டுவிட்டேன். புரட்டிய பிறகு 30க்கு 26 வருகிறது, கோடு 33க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் வறுத்துப் பார்த்த ஈரம் குவியலின் இரண்டு பக்கமும் இன்னும் ஒன்றாக இல்லை. தண்ணீரை எதை வைத்துக் கழிப்பது?