ஓவர்ஷூட்டுக்கு ஜீரோதான் காரணம் என்றால் ப்ரீஃபில்டர் போதுமா?

நிலா: உராய்வே இல்லாத மாதிரி சுழலும் ஒரு மேசையின் கோணத்தைக் கட்டுப்படுத்துகிறேன், மாடல் 1/s². பி.டி. கன்ட்ரோலர் 4s + 8. போல்கள் −2 ± 2j, டேம்பிங் 0.707, அதனால் 4% ஓவர்ஷூட் எதிர்பார்த்தேன். சிமுலேஷனில் 21% வருகிறது. கெயினைக் குறைக்கணுமா, ப்ரீஃபில்டர் போடணுமா?

மாறன்: கெயினைத் தொடாதீர்கள், போல்கள் நீங்கள் கேட்ட இடத்தில்தான் இருக்கின்றன. தொகுதியைப் பாருங்கள்.

```
T(s) = (4s + 8) / (s² + 4s + 8)
F(s) = 2 / (s + 2)
```

−2இல் ஒரு ஜீரோ உட்கார்ந்திருக்கிறது. அது இருப்பதால் வெளியீடு என்பது நீங்கள் எதிர்பார்த்த சுத்தமான வளைவோடு அதன் சரிவில் பாதியையும் கூட்டியது. வளைவு ஏறும்போது சரிவு அதிகம், அதனால் 0.79 வினாடியிலேயே 20.8% தாண்டிப் போகிறது. ரெஃபரன்ஸை முதலில் F வழியாக விட்டால் அந்த ஜீரோ அடிபட்டுப்போகும், உச்சம் 1.57 வினாடிக்குத் தள்ளிப்போய் 4.3% ஆகும். F-இன் தொகுதியில் 2 இருக்க வேண்டும், 1 போட்டால் மேசை பாதிக் கோணத்தில் நின்றுவிடும். இன்னொன்று, ஸ்டெப் கொடுத்த கணத்தில் டெரிவேட்டிவ் மோட்டாருக்கு ஒரு பெரிய அடி கொடுக்கும் இல்லையா, ப்ரீஃபில்டர் போட்டால் கட்டளை 8இல் அமைதியாகத் தொடங்கும்.

கதிர்: ஜீரோ கன்ட்ரோலரில்தானே பிறக்கிறது, அப்படியானால் ஃபில்டரை அங்கேயே, எரர் மேல் வைப்பதுதானே நேர்வழி? எதற்கு லூப்புக்கு வெளியே தனியாக ஒன்று?

மாறன்: வைத்துப் பாருங்கள், (4s + 8) × 2/(s + 2) என்பது வெறும் 8. லூப்பில் 8/s² மட்டும் மிஞ்சும், அதாவது s² + 8 = 0. டேம்பிங் சுத்தமாகப் போய், மேசை 2.83 ரேடியன்/வினாடியில் ஆடிக்கொண்டே இருக்கும். லூப்பைத் தாங்கிப் பிடிப்பதே அந்த ஜீரோதான். அதை ரெஃபரன்ஸின் பார்வையிலிருந்து மட்டும் மறைக்க வேண்டும்.

அன்பு: நானும் ப்ரீஃபில்டர் போட்டேன், ஆனால் மேசையைக் கையால் தட்டினால் ஆட்டம் அப்படியேதான் இருக்கிறது. அப்புறம் என்ன பயன்?

மாறன்: அது வேறு விஷயம் அன்பு. தட்டு லூப்புக்குள் நுழைகிறது, F அதைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கெயின்தான் மாற்ற வேண்டும்.

தேவி: ஜீரோவைக் கண்டதும் அடிப்பது எல்லா இடத்திலும் சரிவராது, நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பிளான்ட் 1/s, கன்ட்ரோலர் பி.ஐ., 10(s + 0.2)/s. ஓவர்ஷூட் 2%தான், ஆனால் அதன் வால் 5 வினாடி டைம் கான்ஸ்டன்ட்டில் இழுத்துக்கொண்டே போகிறது. அதைப் போக்க 0.2/(s + 0.2) போட்டேன். ஓவர்ஷூட் போனது, கூடவே வேகமும் போனது, இலக்குக்கு 2% அருகில் வரவே சுமார் 20 வினாடி ஆனது. காரணம், −0.204இல் ஒரு மெதுவான போல் இருந்தது, அந்த ஜீரோ பக்கத்திலேயே நின்று அதை மூடிவைத்திருந்தது. நான் மூடியை எடுத்துவிட்டேன்.

மாறன்: இது நான் சொல்லியிருக்க வேண்டியது தேவி. நிலாவின் ஜீரோவுக்குப் பக்கத்தில் போல் இல்லை, அதனால் அங்கே பயமில்லை. உங்கள் கேஸில் முழுதாக அடிக்காமல் கொஞ்சம் நகர்த்தினால் போதும், F = (4.9s + 1)/(5s + 1) போட்டால் ஜீரோ −0.204 போல் மேலேயே போய் விழும், வாலும் போகும், வேகமும் மிஞ்சும்.

கதிர்: சரி, லூப்புக்குள் வைப்பது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நிலாவுக்கு ப்ரீஃபில்டரே வேண்டாம் என்பேன். டெரிவேட்டிவை எரர் மேல் எடுக்காமல் அளந்த கோணத்தின் மேல் எடுங்கள், அதே 8/(s² + 4s + 8) கிடைக்கும், ஒரு ஃபில்டர் மிச்சம்.

மாறன்: கணக்கில் இரண்டும் ஒன்றே, அதில் சண்டை இல்லை. ஆனால் நாளைக்கு நிலா ஸ்டெப்புக்குப் பதில் சீரான வேகத்தில் நகரும் ரெஃபரன்ஸ் கொடுத்தால், இரண்டு வழியிலும் மேசை அரை வினாடி பின்தங்கும். ஜீரோவை விட்டுவைத்தால் அந்தப் பின்னடைவு முடிவில் பூஜ்யம். தனி F என்றால் அப்போது கழற்றி வைத்துவிடலாம்.

கதிர்: அப்படி நகரும் ரெஃபரன்ஸ் என்றால் ஃபீட்ஃபார்வர்ட்தான் போடணும், கழற்றி மாட்டுவதெல்லாம் ஓடும் மெஷினில் ஆபத்து. இதில் நான் மாறுவதாக இல்லை.

நிலா: சிமுலேஷனில் F போட்டதும் 4.3% வந்தது. ஆனால் நிஜ கன்ட்ரோலரில் 4s-க்கு 0.05 வினாடி ஃபில்டர் இருக்கிறது, அங்கே ஒத்துவரவில்லை.

மாறன்: அப்படியென்றால் உங்கள் ஜீரோ −2இல் இல்லை. 8(0.05s + 1) + 4s, அதாவது 4.4s + 8, ஜீரோ −1.82. F-ஐ 1.82/(s + 1.82) ஆக மாற்றுங்கள். போல்களும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதனால் 4.3% அப்படியே வராது. அந்த மூன்றாவது போலோடு சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வளைவைப் போடுங்கள்.