உப்புத் தண்ணீர் ஊரில் கீசருக்கு எந்தக் குழாய்?

கீழக்கரை, வீட்டுக்காரர்:
எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், வாயில் வைக்க முடியாத உப்பு. கீசருக்கு வெந்நீர் வழி துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜிஐ, தண்ணீர் உள்ளே போகும் வழி பிவிசி. ஐந்தாவது ஆண்டிலேயே காலையில் முதல் வாளி செம்பழுப்பாக வந்தது. எல்போவைக் கழற்றினால் உள்ளே துரு அடைத்து, பென்சில்கூட நுழையவில்லை. கீசருக்குக் கீழே பிவிசியும் வளைந்து தொங்குகிறது. வெந்நீரே போகாத குழாய் ஏன் வளைந்தது?

மண்டபம், ஆசிரியர்:
ஜிஐயைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் பழைய வீட்டில் என் தந்தை போட்ட ஜிஐ இன்றும் நன்றாக இருக்கிறது. கனமான குழாயாக வாங்கினால் போதும்.

இராமநாதபுரம், பிளம்பர்:
ஆசிரியர் ஐயா, உங்கள் வீட்டில் ஓடுவது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரானால் ஜிஐ தாங்கும். உப்புத் தண்ணீரில் கனமான குழாயும் மரை வெட்டிய இடத்தில்தான் முதலில் போகும். மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சு அங்கே போய்விடுகிறது. சூடு சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும்.

கீழக்கரை அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். கீசர் வாயில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் உப்புப் படிந்தால் சரியாக மூடாது. சூடேறி விரியும் தண்ணீர் பின்னால் தள்ளி, பிவிசிக்குள் வந்துவிடும். பிவிசி 60 டிகிரிக்கு மேல் தாங்காது. வெந்நீருக்கென்று வரும் சிபிவிசி 93 வரை தாங்கும். கீசர் சூடேறி அணைந்ததும், உள்ளே போகும் குழாயைக் கீசரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் சுட்டால் வால்வு கசிகிறது. வால்வை மாற்றிவிட்டு, இரண்டு வழியையும் சிபிவிசி ஆக்குங்கள். கீசரோடு சேரும் இடத்தில் மட்டும் பித்தளை மரை வைத்த இணைப்பு வேண்டும். பசையும் சிபிவிசிக்கென்றே விற்பதுதான்; பிவிசி பசை போட்டால் வெந்நீரில் இணைப்பு விட்டுப்போகும். ஒட்டியபின் ஒரு நாள் தண்ணீர் விடாதீர்கள். குளியலறைக் குழாய்க்கும் சமையலறைக்கும் போகும் பச்சைத் தண்ணீருக்குப் பிவிசியே போதும், அங்கே செலவு செய்ய வேண்டாம்.

தேவிபட்டினம், இல்லத்தரசி:
எங்கள் மாடியில் தொட்டியிலிருந்து வரும் சிபிவிசி வெயிலில் வெளுத்து, தட்டினால் உடைகிறது. சிபிவிசி நல்லது என்கிறீர்களே?

இராமநாதபுரம், பிளம்பர்:
அக்கா, அது வெந்நீர்ப் பிரச்சினை இல்லை, வெயில். வெளியே ஓடும் குழாய்க்கு தண்ணீர் கலந்து அடிக்கும் வகை வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும்.

கீழக்கரை, வீட்டுக்காரர்:
நீங்கள் சொன்னபடி தொட்டுப் பார்த்தேன், ஒரு முழம் தள்ளியும் கை சுடுகிறது. வால்வு நாளை மாற்றுகிறார்கள். சோலார் ஹீட்டரும் வைக்க நினைக்கிறோம். அதற்கும் சிபிவிசி போதுமா?

இராமநாதபுரம், பிளம்பர்:
தண்ணீர் எடுக்காத நாட்களில் சோலாரில் சூடு 93ஐத் தாண்டலாம். அதனால் சிலர் சோலாரிலிருந்து வரும் முதல் நீளத்துக்கு ஜிஐ போடுகிறார்கள். உங்கள் தண்ணீரில் அதுவும் துருப்பிடிக்கும். எனக்கு இதில் முழுத் திருப்தியான வழி இன்னும் கிடைக்கவில்லை, வேறு யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.