நாலு நாள் லைன் இல்லை, பில் மட்டும் முழுசாக வந்திருக்கிறது: கழித்துத் தருவார்களா? (பினாங்கு)

கோவைக்காரன், சுங்கை ஆரா
வணக்கம். பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை. போன வாரம் புதன் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் குடியிருப்புப் பக்கம் மொபைல் சிக்னல் போனது, ஞாயிறு மதியம்தான் வந்தது. அதே கம்பெனி லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இதே கதை. இப்போது 148.60 ரிங்கிட் பில் வந்திருக்கிறது. முப்பதால் வகுத்து நாலால் பெருக்கினால் 19.81 வருகிறது. அதைக் கழித்துத்தான் கட்டலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

மதுரை டு பட்டர்வொர்த்
தம்பி, நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், தானாகவே வரும். 24 மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் இல்லையென்றால் வாடகையில் கழிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

பிறை அக்கா
அந்த விதி இந்தியாவில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024-ல் கொண்டு வந்தது. ஒரு மாவட்டமே 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால்தான் அதுவும் செல்லும். அதை நம்பி இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. இங்கே வாய் திறந்து கேட்டால்தான் ரிபேட் வரும்.

ஒரு மொபைல் கம்பெனியின் கஸ்டமர் சர்வீஸில் சில வருடம் இருந்தவள் நான், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கோவைத் தம்பி, முதலில் பில்லை முழுதாகக் கட்டிவிடுங்கள். நீங்களாகக் குறைத்துக் கட்டினால் சிஸ்டத்துக்கு அது வெறும் பாக்கி. நினைவூட்டல் வரும், பிறகு லைனை முடக்குவார்கள். அப்புறம் உங்கள் புகார் ரிபேட் பற்றியதாக இருக்காது, பாக்கி பற்றியதாகிவிடும். ரிபேட் எப்போதும் அடுத்த பில்லில் கழிவாகத்தான் வரும்.

இரண்டாவது, அந்த 148.60-ல் என்னென்ன இருக்கிறது? போன் தவணை சேர்ந்திருக்கிறதா?

கோவைக்காரன், சுங்கை ஆரா
ஆமாம் அக்கா. பிளான் 60, போன் தவணை 85, சேவை வரி 3.60.

பிறை அக்கா
அப்படியென்றால் தவணையைத் தொடவே மாட்டார்கள். டவர் விழுந்தாலும் போன் உங்கள் கையில்தானே இருந்தது! கணக்கு 60-க்கு மட்டும்தான். ஒரு நாளைக்கு 2 ரிங்கிட், நாலு நாளைக்கு 8. அதற்குப் போட்ட 6 சதவீத வரி 48 காசு. மொத்தம் 8.48. இதுதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. 19.81 என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் "கணக்கு தவறு" என்று ஒரே வரியில் மூடிவிடுவார்.

இனிதான் முக்கியமான விஷயம். சிக்னல் போனபோது புகார் கொடுத்தீர்களா?

கோவைக்காரன், சுங்கை ஆரா
வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் வைஃபையில் அவர்கள் ஆப் வழியாகக் கொடுத்தேன். ஒரு புகார் எண் இருக்கிறது.

பிறை அக்கா
எண் இருப்பது நல்லது. ஆனால் வெள்ளிக்கிழமை என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாட்டில் இருப்பவருக்குத் திரையில் தெரிவது புகார் பதிவான நேரம் மட்டும்தான். அதிலிருந்து ஞாயிறு வரை எண்ணி "இரண்டு நாள்" என்பார். அப்போது கோபப்படாதீர்கள். டவர் எப்போது விழுந்தது, எப்போது எழுந்தது என்று நெட்வொர்க் குழுவிடம் தனிப் பதிவு இருக்கும். "என் முகவரிக்கு வரும் டவரின் பதிவைப் பார்த்துவிட்டு நாள் கணக்கைச் சொல்லுங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். முழு முகவரி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், புகார் எண் நாலும் ஒரே செய்தியில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத திரையின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் சேருங்கள். பக்கத்து வீட்டாரும் தன் பெயரில் தனியாகப் புகார் கொடுத்தால், உங்கள் போன் கோளாறு என்று தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. முதலில் "5 ஜிபி இலவச டேட்டா தருகிறோம்" என்பார்கள். வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சரி என்று சொன்னதும் பெரும்பாலும் அந்தப் புகாரையே முடித்துவிடுவார்கள். பணமாக வேண்டுமென்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

செந்தூல்வாசி
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆறு மாதமாக! ஊரிலிருந்து கொண்டு வந்த போன். நெட் நன்றாக வருகிறது, யாராவது கூப்பிட்டால் மட்டும் லைன் போகிறது. ஆறு மாத ரிபேட் கேட்கலாமா?

பிறை அக்கா
அண்ணே, உங்களுடையது வேறு. இங்கே 2021 கடைசியில் 3ஜியை மூடிவிட்டார்கள். போனில் 4ஜி வழியாகவே பேச வைக்கும் வோல்ட்டி வேலை செய்யவில்லை என்றால் அழைப்பு 2ஜிக்கு இறங்கும். உங்கள் சிம்மை இங்கே வாங்கிய வேறு போனில் போட்டுப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் குறை போனில்தான், ரிபேட்டுக்கு வழியில்லை.

மதுரை டு பட்டர்வொர்த்
சரி, தானாக வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் எம்சிஎம்சி கம்பெனிகளுக்கு அபராதம் போடுகிறதே, அந்தப் பணம் நமக்குத்தானே வர வேண்டும்? நேராக அங்கேயே போய்விடலாமே.

ஸ்தாப்பாக் வக்கீல் வீட்டுக்காரர்
அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், நம் பில்லுக்கு வராது. நேராகப் போனாலும் "கம்பெனியிடம் புகார் கொடுத்தீர்களா, எண் என்ன" என்றுதான் முதலில் கேட்பார்கள். கம்பெனி கைவிரித்த பிறகு aduan.mcmc.gov.my போகலாம், அல்லது சிஎஃப்எம் என்கிற பயனீட்டாளர் மன்றத்திடம் போகலாம். இரண்டுக்கும் காசு கட்ட வேண்டாம். என் அனுபவத்தில் எம்சிஎம்சி பக்கம் புகார் போனதும் கம்பெனியில் கொஞ்சம் மூத்தவர் ஒருவரே நம்மைக் கூப்பிடுவார்.

8 ரிங்கிட்டுக்கு இவ்வளவு தேவையா என்பது அவரவர் விருப்பம். இன்னொன்று, "அந்த நாலு நாளில் இன்டர்வியூ அழைப்பு தவறியது, கிராப் ஓட்டம் போனது" என்று நஷ்டஈடு கேட்டால் நகராது. அந்த மாதிரி நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

கோவைக்காரன், சுங்கை ஆரா
அக்கா சொன்னபடி அனுப்பினேன். முதலில் டேட்டாதான் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். டவர் பதிவைப் பார்த்துவிட்டு வியாழன், வெள்ளி, சனி மூன்றும் முழு நாள், புதன் இரவையும் ஞாயிறு காலையையும் சேர்க்க முடியாது என்கிறார்கள். 6.36 அடுத்த பில்லில் கழியுமாம். அதோடு, பகலில் ஆபீஸ் பக்கம் நான் டேட்டா பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் மூன்று நாளே சலுகைதான் என்று ஒரு குத்தல் வேறு.

பிறை அக்கா
அரை நாளை விட்டுவிடலாம் என்பேன். ஆபீஸில் சிக்னல் கிடைத்தது என்ற பேச்சுக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே பதில் கிடையாது. நான் இருந்த இடத்திலேயே ஆளுக்கு ஒரு மாதிரி முடிவு செய்வார்கள். 6.36 என்று எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? அடுத்த பில்லில் கழித்தல் குறியோடு வருகிறதா என்று பாருங்கள். அதில் இல்லையென்றால் அதே புகார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், புதுப் புகார் தொடங்காதீர்கள்.

ஸ்தாப்பாக் வக்கீல் வீட்டுக்காரர்
எனக்கு இதில் உடன்பாடில்லை. புதன் இரவும் ஞாயிறு காலையும் சேர்ந்தால் பதினைந்து மணி நேரம். ஒரு நாளாக எண்ணச் சொல்லி நான் கேட்டிருப்பேன்.

புதுசா வந்தவள், பிரிக்ஃபீல்ட்ஸ்
எனக்கு ப்ரீபெய்ட், அதுவும் அறைத் தோழி பெயரில் வாங்கிய சிம். பில்லே கிடையாது. நான் என்ன கேட்பது?

பிறை அக்கா
சிக்னல் இல்லாமல் போன நாட்களுக்குச் செல்லுபடிக் காலத்தை நீட்டச் சொல்லியோ, பிளான் காசை கிரெடிட்டாகப் போடச் சொல்லியோ கேட்கலாம்மா. ஆனால் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசுவார்கள். தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் சிம்மை உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள்.