மாதக் கூட்டத்துக்கு எல்லோருக்கும் ஒத்துவரும் நாள்: உங்கள் சங்கத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செயலாளர், லண்டன் புறநகர்ச் சங்கம்
எங்கள் நிர்வாகக் குழுவில் 9 பேர், சங்க விதிகளான யாப்பின்படி குறைந்தது 5 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டத்தின் முடிவு செல்லும். இரண்டு பேர் மருத்துவமனைத் தாதியர், ஒருவர் வேர்ஹவுஸ், ஒருவர் பெற்றோல் ஷெட், ஒருவர் டாக்ஸி, மற்றவர்கள் அலுவலக வேலை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் என்பதால் அன்று மண்டபமும் இல்லை, ஆசிரியர்களாக இருக்கிற இருவரும் இல்லை. அதனால் இரண்டாவது ஞாயிறு மாலை 5 மணி என்று வைத்தோம்.

போன மாதம் பொங்கல் விழா மண்டபத்துக்கு முற்பணம் கட்ட முடிவெடுக்க வேண்டியிருந்தது. நேரில் நாலு பேர், ஐந்தாவது ஆள் பெற்றோல் ஷெட்டில் கல்லாவில் நின்றபடி போனில். வாக்கெடுக்கும் நேரம் பார்த்து “நாலாம் பம்பா?” என்று அவர் குரல் கேட்டது, பிறகு மியூட். பத்து நிமிடம் காத்திருந்தோம், வரவில்லை. கோரம் இல்லை என்று எழுதி முடித்தோம். ஜனவரி நடுப்பகுதிச் சனிக்கிழமைகளுக்கு மண்டபம் எவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்று உங்களுக்கே தெரியும்.

கவென்ட்ரிக்காரர்
வாட்ஸ்அப்பில் ஒரு போல் போடுங்கள் அண்ணா, ஆறு பேர் ஆம் என்றால் முடிந்தது. கூட்டமே தேவையில்லை.

பழைய பொருளாளர், லெஸ்டர்
தம்பி சொல்வதில் பாதி சரி. எழுத்து மூலம் முடிவெடுக்க யாப்பில் இடம் இருந்தால் அப்படிச் செய்யலாம், ஆனால் எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும் என்பதையும் யாப்புத்தான் சொல்லும். சில யாப்புகளில் அத்தனை பேரும் கையொப்பமிட வேண்டும், ஒருவர் பதில் போடாவிட்டால் அவ்வளவுதான். வங்கியில் கையொப்பக்காரரை மாற்றப் போனால் போல் படத்தைக் காட்ட முடியாது, கூட்டக் குறிப்புத்தான் கேட்பார்கள்.

நாள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வேர்ஹவுஸ்காரர் நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு முறையா? அப்படியென்றால் அவர் சுற்று 8 நாள், கிழமை 7 நாள். நாலு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறில் கூட்டம் வைத்தால் 28 நாள், அதாவது மூன்று முழுச் சுற்றும் அரைச் சுற்றும். ஒரு கூட்டத்தன்று அவருக்கு வேலை என்றால் அடுத்ததில் கட்டாயம் ஓய்வு, அதற்கடுத்து மறுபடி வேலை. ஞாயிறை விட்டுச் செவ்வாய்க்கு மாற்றினாலும் இதே கதைதான். நாளை மாற்றிப் பயனில்லை, நேரத்தை மாற்றுங்கள். பகல் ஷிப்ட் 6 மணிக்கு முடிகிறது என்றால் இரவு எட்டரைக்கு இணையவழியில் வேலை நாளிலும் வந்துவிடுவார். இரவு ஷிப்ட் என்றால் என்னிடம் மருந்து இல்லை.

தாதி, மதுரைக்காரி, இப்போது பர்மிங்ஹாம்
எட்டரை எங்களுக்கு ஆகாது. எங்கள் வார்டில் லாங் டே எட்டு மணிக்கு முடியும் என்பது பேச்சுக்குத்தான், ஹேண்டோவர் முடித்துக் காருக்கு வரவே எட்டரை ஆகிவிடும். அதுபோல, நைட் முடித்த மறுநாள் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்து “இன்னைக்கு லீவுதானே” என்பார்கள். அந்த 11 மணி எனக்கு நடுராத்திரி.

எனக்கு உதவியது வேறு. எங்கள் ரோஸ்டர் ஆறு வாரம் முன்னதாக வெளிவரும், அதற்கும் முன்பே விருப்ப நாள் கேட்கும் கெடு முடிந்துவிடும். கூட்டத் தேதியைப் பத்து நாள் முன்னால் சொன்னால் நான் யாரிடமாவது ஷிப்ட் மாற்றக் கெஞ்ச வேண்டும். மூன்று மாதத் தேதியை மொத்தமாகக் கொடுத்தால் நானே கேட்டு வாங்கிவிடுவேன். எல்லா மாதமும் கிடைக்காது, ஆனால் கிடைக்கும்.

துபாய்வாசி
ஏன் ஞாயிறு? வெள்ளிக்கிழமை வையுங்கள். நாங்கள் முன்பு வெள்ளி முழு விடுமுறை நாளில்தான் கூடுவோம். 2022-இல் அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிய பிறகு எங்கள் பக்கமும் குழப்பம். தனியார் கம்பெனிக்காரர்கள் சிலருக்கு இன்னும் ஒரு நாள்தான் விடுமுறை.

செயலாளர்
இங்கே வெள்ளி மாலை டாக்ஸி அண்ணாவின் சம்பாதிக்கும் நேரம், அன்று அவரைக் கூப்பிட்டால் அடிவிழும். ஆனால் அக்கா சொன்னது புத்திக்கு எட்டியது, தேதியை மூன்று மாதத்துக்குச் சேர்த்து அறிவிக்கப் போகிறோம். ஒரு மாதம் ஞாயிறு மாலை நேரில், அடுத்த மாதம் புதன் இரவு 9 மணிக்கு இணையவழியில். பணம் சம்பந்தப்பட்டதை முதல் விஷயமாக எடுத்து, 20 நிமிடத்துக்குள் வாக்கெடுப்பு. இணையவழியில் வருபவரைக் கோரத்தில் சேர்க்க யாப்பு இடம் கொடுக்கிறது, பார்த்துவிட்டேன்.

லெஸ்டர்
கல்லாவில் நிற்பவரை எண்ணாதீர்கள். எல்லோரும் பேசுவது அவருக்கும், அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்டால்தான் வந்ததாகக் கணக்கு.

செயலாளர்
அவரை எண்ணாவிட்டால் பல மாதம் நாலு பேர்தான். கோரத்தை நாலாக்க பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், அதற்கும் கோரம் இருக்கிறது. மண்டபக்காரர் வெள்ளி வரைக்கும்தான் தேதியைப் பிடித்து வைப்பாராம். புதன் இரவு யார் யார் வருவார்கள் என்று இப்போதே போன் போடுகிறேன்.