புதுப்பிப்பு: அண்ணனின் செக்கு எண்ணெய் ஆலைக்கு வாழ்த்து

"அண்ணனும் அவர் நண்பரும் கூட்டாகச் செக்கு ஆலை தொடங்குகிறார்கள். வெறும் புகழ்ச்சியாக இல்லாமல் எப்படி வாழ்த்துவது?" (போன வாரம் நான் கேட்டது)

திறப்பு விழா நன்றாக முடிந்தது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒருவர் தன் ஓட்டல் கூட்டு உடைந்த கதையைச் சொன்னார், மனது கனத்தது. இன்னொருவர், பதிவு செய்யாத கூட்டே செல்லாது என்றார். அதைக் கணக்கர் ஐயா திருத்தினார்: கூட்டு செல்லும், ஆனால் பாக்கி வைத்த கடைக்காரர் மீது கூட்டின் பெயரில் வழக்குப் போட முடியாது.

அவர் சொன்ன அடுத்த விஷயம்தான் எங்களை உலுக்கியது. ஒப்பந்தத்தில் விகிதம் எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபம் சரிபாதி. ஆலையை நடத்துபவருக்குச் சம்பளமும் கிடையாது. அண்ணன் போட்டது 6 லட்சம், நண்பர் 2 லட்சம். ஆனால் விடிகாலையிலேயே செக்கடியில் நிற்பவர் நண்பர்தான்!

வாழ்த்தில் இப்படி எழுதினேன்: "அண்ணா, நீங்கள் இருவரும் ஜெயிப்பீர்கள் என்று நம்புகிறேன். கடலை விலை ஏறும் மாதமும் வரும். அதற்குள் கணக்கை எழுதி வைத்துவிடுங்கள்."

இருவரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். லாபம் சரிபாதி என்று எழுதியாயிற்று. சம்பளப் பேச்சு இன்னும் ஓடுகிறது.