இன்டர்ன்ஷிப்பில் சேரும் முன் என்டிஏ என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை முழுசாகப் படித்தவர்கள் உண்டா?

மதி
சின்ன ஸ்டார்ட்அப் ஒன்றில் இன்டர்ன்ஷிப். சேர்வதற்கு முந்தின ராத்திரி என்டிஏ வந்தது, "காலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க" என்ற ஒற்றை வரியோடு. ரகசியம் காப்பது பற்றிய பகுதி வழக்கமானதுதான். இடித்தது அதற்கு அடுத்த பத்தி: பயிற்சிக் காலத்தில், அலுவலக நேரத்துக்கு வெளியே உருவாக்கியது உட்பட, நான் செய்யும் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தமாம். நானும் நண்பனும் ஏற்கெனவே ஒரு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கடைசிப் பக்கத்தில் "முன்பே உருவாக்கியவை" என்று ஒரு காலிப் பட்டியல். காலியாக விட்டால் எதுவும் இல்லை என்று பொருள் கொள்ளப்படும் என்று அடியில் பொடி எழுத்து. ஆப்பின் பெயர், தொடங்கிய மாதம், என்ன செய்யும் என்பதை மட்டும் அங்கே எழுதினேன். அது எப்படி வேலை செய்கிறது என்பதை எழுதவில்லை. அப்புறம் அந்தப் பத்தியை "கம்பெனி வேலைக்காகவோ கம்பெனி கணினியிலோ செய்தவை" என்று சுருக்கச் சொல்லிக் கேட்டேன். எச்ஆர் "டெம்ப்ளேட், மாத்த முடியாது" என்றார். நிறுவனருக்கே மெயில் போட்டதும் மாற்றிக் கொடுத்தார்.

சுரேன்
சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்தானே? அப்படியானால் அந்தப் பத்திரம் செல்லவே செல்லாது. கவலைப்படாதீர்கள்.

நிலா அக்கா
சுரேன் தம்பி, பதிலுக்கு ஏதாவது கிடைத்தால்தான் ஒப்பந்தம் என்பது பல நாட்டுச் சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த 'ஏதாவது' சம்பளமாகத்தான் இருக்கணும் என்றில்லை, பயிற்சியே போதும் என்று வாதாடலாம். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மதி, பட்டியல் அன்றைக்கு இருந்ததை மட்டுமே காப்பாற்றும். சேர்ந்த பிறகு ஆப்பில் சேர்க்கும் புது அம்சத்துக்கு நீங்கள் சுருக்க வைத்த வரிதான் துணை. அதனால் கம்பெனி லேப்டாப்பில் அந்த ஆப்பின் கோடு இருக்கும் ரெப்போவைத் திறக்கவே திறக்காதீர்கள். எது ரகசியம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்: ஊருக்கே தெரிந்தது, உங்களுக்கு முன்பே தெரிந்தது, வேறொருவர் முறையாகச் சொன்னது, அவர்கள் தகவலைத் தொடாமல் நீங்களே கண்டுபிடித்தது. இந்த நாலும் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

பாரி
எனக்கும் இதே கதை. பாதியில் போனால் பணம் கட்டணும் என்று எழுதி வாங்கினார்கள்.

மதி
அது பாண்ட் ஆச்சே, பாரி. இதில் அப்படி ஒன்றும் இல்லை.

தேன்மொழி
என் சிக்கல் வேறு. கல்லூரிக்கு ப்ராஜெக்ட் அறிக்கை கொடுக்கணும், வைவாவில் திரையைக் காட்டணும். என்டிஏ-வில் அதற்கு இடமே இல்லை. "மதிப்பீட்டுக்கு மட்டும், வாடிக்கையாளர் பெயரை மறைத்து, கம்பெனி ஒருமுறை பார்த்த பிறகு" என்று ஒரு வரி சேர்க்க வைத்தேன். அறிக்கை நூலகத்துக்குப் போகுமே, அதை யாரும் எடுத்துப் படிக்கலாமே, அது மதிப்பீட்டில் சேருமா? கம்பெனியும் சொல்லவில்லை, கைடும் சொல்லவில்லை. யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?